பெட்டிக்குள் போகாதவை

அந்த வேலையை முடித்து ஒப்படைத்தபோது நான் எழுதிய முதல் மின்னஞ்சல் மிகச் சிறியது. "வணக்கம் சார். மொத்த டெவலப்மெண்ட் சூழலையும் ஒரே கோப்பாக்கி டிரைவில் போட்டிருக்கிறேன். லிங்க் கீழே. விர்ச்சுவல்பாக்ஸில் இம்போர்ட் செய்து ஸ்டார்ட் அழுத்தினால் போதும். நன்றி."

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு முதல் போன் வந்தது. வீட்டில் டவுன்லோட் செய்த கோப்பை வாடிக்கையாளர் பென்டிரைவில் போட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோகப் பார்த்திருக்கிறார். "32 ஜிபி பென்டிரைவ்மா, சுத்தமா காலியா இருக்கு. 5.6 ஜிபி கோப்பு பெருசா இருக்குன்னு ஏத்த மாட்டேங்குது." பதினொன்றரைக்கு அவரிடம் புதிதாகச் சேர்ந்திருந்த பையன் கூப்பிட்டான். "அக்கா, ஸ்டார்ட் கொடுத்தா ஏதோ எரர் வருதுங்க்கா." மதியம் மூன்று மணிக்கு அவனே மறுபடியும். "இப்ப ஓடுதுங்க்கா, ஆனா பிரவுசர்ல வேற ஏதோ சாப்ட்வேர் வருதுங்க்கா." ராத்திரி பத்து மணிக்கு வந்த நாலாவது பிரச்சினைக்கு யாரும் போன் செய்யவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது எனக்கே சுரீரென்று உறைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் வீட்டிலிருந்தபடியே தனியாக மென்பொருள் வேலை எடுத்துச் செய்பவள். இந்த வாடிக்கையாளர் பள்ளிக்கூடங்களுக்கு மதிப்பெண் பட்டியல் போடும் மென்பொருள் விற்கிறார். பல வருடங்களுக்கு முன்பு யாரோ எழுதியது, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் சில திருத்தங்கள் செய்து கொடுப்பதோடு, புதிதாக வரும் ஆள் முதல் நாளே வேலை தொடங்கும்படி ஒரு சூழலும் அமைத்துத் தர வேண்டும் என்பது ஒப்பந்தம்.

ஒரு சொல் தந்த தொல்லை

சூழல் என்று ஏன் தனியாக ஒன்றைக் கட்டித் தர வேண்டும், நிரல் கோப்புகளை மட்டும் கொடுத்தால் ஆகாதா என்று கேட்கலாம். அந்தப் பையன் வந்த முதல் வாரம் அப்படித்தான் செய்து பார்த்தான். தன் லேப்டாப்பில் புதிய பிஎச்பி, புதிய மைஎஸ்க்யூஎல் 8.0 இரண்டையும் நிறுவி, நிரலைக் காப்பி செய்தான். உள்நுழையும் பக்கம் வந்தது. மாணவர் பட்டியல் வந்தது. தரவரிசைப் பக்கத்தைத் திறந்ததும் செத்துவிட்டது. காரணம் இந்த ஒரு வரி:

```sql
SELECT roll_no, rank FROM marks ORDER BY rank;
```

மதிப்பெண் மென்பொருளில் `rank` என்று ஒரு பத்தி இருப்பதில் வியப்பில்லை. மைஎஸ்க்யூஎல் 5.7-இல் அது சாதாரணப் பெயர். 8.0-இல் தரவரிசை கணக்கிடும் வசதியைச் சேர்த்தபோது, அந்தச் சொல்லைத் தரவுத்தளமே தன் உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டது. அதன்பின் மேலே உள்ள வரி அதற்கு இலக்கணப் பிழை. 1064 என்ற எண்ணோடு பிழைச் செய்தி வரும். அந்தச் சொல்லின் இருபுறமும் மேற்கோள் போன்ற ஒரு குறியைப் போட்டால் சரியாகிவிடும்தான். ஆனால் அந்த நிரலில் அது எத்தனை இடத்தில் எப்படியெல்லாம் வருகிறது என்பது யாருக்கும் தெரியாது. பள்ளிகளுக்காக ஓடும் சர்வரோ 2018-இல் வந்த உபுண்டு 18.04, அதோடு வந்த பிஎச்பி 7.2, மைஎஸ்க்யூஎல் 5.7. அங்கே எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. ஆகவே லேப்டாப்பில் வேலை செய்பவனுக்கு அந்தச் சர்வரின் நகல் ஒன்று கையில் இருக்க வேண்டும். பழையதை எப்போது புதுப்பிப்பது என்பது அடுத்த கேள்வி. புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கவே இன்றைக்கு ஓடும் ஒன்று வேண்டும்.

இந்த நகலுக்குத்தான் விர்ச்சுவல் மெஷின். விண்டோஸ் லேப்டாப்பில் ஒரு ஜன்னலுக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் ஓடும். அதற்கென்று கொஞ்சம் நினைவகம், ஒரு வட்டு, ஒரு நெட்வொர்க் அட்டை. உள்ளே இருக்கும் உபுண்டுவுக்கு, தான் நிஜ இயந்திரத்தில் இல்லை என்ற கவலையே இல்லை. யோசனை புதிதல்ல, ஐபிஎம் தன் பெருங்கணினிகளுக்கு விஎம்/370 என்று இதை 1972-லேயே வெளியிட்டது. இன்று விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொண்டால் சாதாரண லேப்டாப்பிலும் முடியும்.

அந்த இரண்டாவது கம்ப்யூட்டரின் வட்டு என்பது, வெளியிலிருந்து பார்த்தால், ஒரு பெரிய கோப்புதான். கோப்பென்றால் அனுப்பலாம். அனுப்புவதற்கான வடிவம் `.ova`. பெயர் புதிதாக இருந்தாலும் உள்ளே பார்த்தால் எளிய மூட்டைதான். இத்தனை நினைவகம், இத்தனை பிராசசர், இன்ன நெட்வொர்க் என்று எழுதிய ஒரு விவரக் கோப்பு, சுருக்கப்பட்ட வட்டு, இவை வழியில் கெட்டுவிடவில்லை என்று சரிபார்க்கும் எண்கள் கொண்ட ஒரு சிறு கோப்பு. மூன்றையும் ஒன்றாகக் கட்டியது.

இப்படிப் பார்த்தால் என் சின்ன மின்னஞ்சலில் குறையே இல்லை என்று தோன்றும். முழுக் கம்ப்யூட்டரும் பெட்டிக்குள் இருக்கிறதே, சொல்வதற்கு என்ன மிச்சம்? அன்றைய மூன்று போன்களும் அந்த மிச்சத்திலிருந்து வந்தவை. பெட்டிக்குள் அடைக்க முடியாதவை சில உண்டு. நாலாவது பிரச்சினை, அடைக்கவே கூடாததை அடைத்ததால் வந்தது.

அடைக்கக் கூடாதவை

அந்த ராத்திரி பத்து மணிச் சமாச்சாரம் இதுதான். லினக்ஸில் கட்டளைகளைத் தட்டிக்கொண்டே போகும்போது, தட்டிய வரிகள் `.bash_history` என்ற கோப்பில் சேர்ந்துகொண்டே வரும். மேலம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளை திரும்ப வருவது அதனால்தான். இரண்டு மாத வேலையில் ஒருநாள் அவசரத்தில், நிஜச் சர்வரின் தரவுத்தளக் கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுதி இணைந்திருந்தேன். அந்த வரி பெட்டிக்குள் இருந்தது. பெட்டி டிரைவில் இருந்தது. லிங்க் வைத்திருப்பவர் யாரும் எடுக்கலாம் என்ற அமைப்பில் இருந்தது.

உள்ளே நுழையக் கடவுச்சொல் வேண்டுமே என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள முடியாது. வட்டுக் கோப்பைத் தனியாக உருவி வேறொரு லினக்ஸில் இரண்டாவது வட்டாக மாட்டினால், எந்தக் கடவுச்சொல்லும் கேட்காமல் எல்லாக் கோப்பும் படிக்கக் கிடைக்கும். வட்டையே பூட்டி வைத்திருந்தால்தான் தடை. அந்த இரவே லிங்க்கை மூடி, வாடிக்கையாளரை எழுப்பி விஷயத்தைச் சொல்லி, சர்வர் கடவுச்சொல்லை மாற்றினோம். அவர் கோபப்படவில்லை. "காலைல பேசிக்கலாம்மா" என்றார். அதுதான் அதிகம் சுட்டது.

மறுநாளிலிருந்து இரண்டாம் பதிப்பு. இம்முறை வேலை செய்த மெஷினை அப்படியே ஏற்றுமதி செய்யவில்லை. அதற்கு ஒரு நகல் எடுத்து, நகலைச் சுத்தம் செய்தேன். கட்டளை வரலாறு, என் எஸ்எஸ்எச் சாவிகள், கிட் நினைவில் வைத்திருந்த கடவுச்சொற்கள், `.env` கோப்பில் இருந்த எஸ்எம்எஸ் நிறுவனத்தின் சாவி எல்லாவற்றையும் எடுத்தேன். மாணவர் தரவில் இன்னொரு படி கூடுதல் கவனம் வேண்டும். நிஜப் பெயர்களை ஏற்றிவிட்டுப் பிறகு அழித்தால், தரவுத்தளத்தின் கோப்புகளுக்குள் அந்த எழுத்துகள் பெரும்பாலும் தங்கியே இருக்கும். பிள்ளைகளின் மதிப்பெண், அப்பா போன் நம்பர் எல்லாம் அதில். அதனால் தரவுத்தளத்தை மொத்தமாக எடுத்துவிட்டு, கற்பனைப் பெயர்களில் 120 மாணவர்களை ஆக்கிப் புதிதாக ஏற்றினேன்.

அழித்த கோப்பின் கதையும் அதேதான். அழிப்பது என்றால் கோப்பின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பது மட்டுமே. எழுத்துகள் வட்டில் கிடக்கும், அதன்மேல் வேறேதாவது எழுதப்படும்வரை. அதற்கு மருந்து, காலி இடம் முழுவதையும் சுழியத்தால் நிரப்பிவிட்டு அந்தக் கோப்பை நீக்குவது:

```
sudo apt-get clean
sudo dd if=/dev/zero of=/zero.fill bs=1M
sync
sudo rm /zero.fill
```

இரண்டாம் வரி ஓடி ஓடிக் கடைசியில் `No space left on device` என்று நிற்கும். முதல்முறை பார்ப்பவர் பயந்துவிடுவார். இந்த இடத்தில் அதுதான் வேண்டியது. இதில் ஒரு கூடுதல் லாபம். அழித்த கோப்புகளின் குப்பை இருந்த இடமெல்லாம் வெறும் சுழியமாகிவிட்டதால், ஏற்றுமதி செய்யும்போது அது ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும். முன்பு 5.6 ஜிபியாக இருந்த கோப்பு 3.1 ஜிபி ஆனது. பென்டிரைவ் பிரச்சினையும் அதோடு தீர்ந்தது. பல பென்டிரைவ்கள் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும்; அதில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது.

சுத்தம் செய்ததைப் பெட்டியில் கட்டி, என் தம்பியின் லேப்டாப்பில் இறக்கிப் பார்த்தேன். எஸ்எஸ்எச் இணைப்பு வரவில்லை. எங்கோ படித்த பட்டியலை நம்பி, மெஷின் தன்னை அடையாளம் காட்டும் சாவிகளையும் அழித்திருந்தேன். அவை இல்லாமல் எஸ்எஸ்எச் சேவை எழுந்திருக்காது. தானாகப் புதிய சாவி செய்துகொள்ளவும் இல்லை. `sudo ssh-keygen -A` என்று ஒரு வரி கொடுத்ததும் சரியானது. என் கம்ப்யூட்டரிலேயே திறந்து பார்த்து அனுப்பியிருந்தால், ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த பழைய மெஷினோடு குழப்பிக்கொண்டு இதைத் தவறவிட்டிருப்பேன். வேறொரு லேப்டாப்பில் ஒருமுறை இறக்கிப் பார்க்காத பெட்டியை அதன்பிறகு நான் அனுப்பியதில்லை.

இரண்டாம் கடிதம்

அடைக்க முடியாதவற்றைக் கடிதத்தில் எழுதினேன். அது இதோ:

---

பொருள்: மதிப்பெண் மென்பொருள், டெவலப்மெண்ட் சூழல், பதிப்பு 2 (பதிப்பு 1-ஐ அழித்துவிடவும்)

வணக்கம் சார்.

பதிப்பு 2 தயார். பழைய `marks-dev-v1.ova` எங்கெல்லாம் காப்பி ஆகியிருக்கிறதோ அங்கெல்லாம் அழித்துவிடச் சொல்லுங்கள். புதிய கோப்பின் பெயர் `marks-dev-v2.ova`, அளவு 3.1 ஜிபி. டிரைவ் லிங்க் உங்களுக்கும் தம்பிக்கும் மட்டும் திறக்கும். 15 நாளில் எடுத்துவிடுவேன்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. லேப்டாப்பில் இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசசர், 8 ஜிபி நினைவகம், 20 ஜிபி காலி இடம் வேண்டும். எம்1 முதல் வந்த ஆப்பிள் மேக்குகளில் இது ஓடாது.

2. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து `Performance`, பிறகு `CPU`. அங்கே `Virtualization: Enabled` என்று இருக்க வேண்டும். `Disabled` என்றிருந்தால் பயாஸில் `Intel Virtualization Technology` என்பதை இயக்க வேண்டும். ஏஎம்டி என்றால் `SVM Mode`.

3. கோப்பு முழுசாக இறங்கியதா என்று இதைத் தட்டிப் பார்க்கவும்:

```
certutil -hashfile marks-dev-v2.ova SHA256
```

வரும் 64 எழுத்தும், டிரைவில் பக்கத்திலேயே வைத்திருக்கும் `sha256.txt`-இல் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி டவுன்லோட் செய்யவும்.

இயக்குவது

4. விர்ச்சுவல்பாக்ஸில் `File > Import Appliance`. கோப்பைக் காட்டி, எதையும் மாற்றாமல் `Finish`. ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும்.

5. `Start`. கறுப்புத் திரையில் `login:` என்று வந்து நிற்கும். அவ்வளவுதான், ஜன்னல்கள், படங்கள் எதுவும் வராது. அதைச் சுருக்கி வைத்துவிடலாம்.

6. பிரவுசரில் `http://127.0.0.1:8088`. பள்ளி உள்நுழைவுப் பக்கம் வரும். வேறெதாவது வந்தால், 8088-ஐ உங்கள் லேப்டாப்பில் இன்னொரு மென்பொருள் எடுத்துக்கொண்டிருக்கிறது. மெஷினின் நெட்வொர்க் அமைப்பில் `Port Forwarding` சென்று அந்த எண்ணை 8099 ஆக்கவும். அதே வரியில் உள்ள `127.0.0.1`-ஐ மட்டும் அழிக்க வேண்டாம்.

7. உள்ளே நுழைய:

```
ssh -p 2222 dev@127.0.0.1
```

கடவுச்சொல்லைப் போனில் சொல்கிறேன். முதல்முறை நுழைந்ததும் மாற்றச் சொல்லும்.

8. விஎஸ் கோடின் `Remote-SSH` இதோடு சேராது. உள்ளே இருக்கும் உபுண்டு அதற்குப் பழசு. வின்எஸ்சிபி வழியாகக் கோப்புகளைத் திறந்து திருத்தலாம்.

சரியாக வந்ததா என்று அறிய

9. `/srv/marks` அடைவுக்குள் `vendor/bin/phpunit` கொடுத்தால் கடைசி வரி `OK (86 tests, 214 assertions)`.

10. பிரவுசரில் பத்தாம் வகுப்பு, தரவரிசை. 1 முதல் 40 வரை வர வேண்டும்.

உள்ளே இல்லாதவை

நிஜ மாணவர் தரவு இல்லை. 120 பேரும் கற்பனை. எஸ்எம்எஸ் போகாது, போக வேண்டிய செய்தி `sms.log` கோப்பில் எழுதப்படும். பள்ளிச் சர்வருக்கான எந்தக் கடவுச்சொல்லும் இல்லை.

உள்ளே இருக்கும் உபுண்டு 18.04-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 மே மாதத்தோடு நின்றுவிட்டன. இது வேலை செய்து பார்க்க மட்டும். இதையே இணையத்தில் ஏற்றிச் சர்வராக்க வேண்டாம்.

9, 10 இரண்டும் சரியாக வந்தது என்று ஒரு வரி பதில் போட்டால், மீதி 30 சதவீதத்துக்கான பில்லை அனுப்புகிறேன்.

நன்றி சார்.

---

வரிக்கு வரி ஒரு காரணம்

இந்தக் கடிதத்தில் மூன்று இடங்களைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

முதலாவது, பயாஸ். பெட்டிக்குள் உபுண்டு இருக்கிறது. ஆனால் அதை ஓட்டுவது வாடிக்கையாளரின் பிராசசர். ஒரு பிராசசர் இரண்டு இயங்குதளங்களைச் சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்ள, அதற்கென்றே ஒரு வசதி உள்ளே உண்டு. இன்டெல் அதை விடி-எக்ஸ் என்கிறது. சில லேப்டாப்களில் அது மூடப்பட்டே வரும். பையன் பார்த்த எரர் `VT-x is disabled in the BIOS for all CPU modes` என்று தொடங்கியது. பெட்டிக்குள் நான் என்ன மாற்றியிருந்தாலும் இதைச் சரிசெய்திருக்க முடியாது, ஏனென்றால் அந்தச் சுவிட்ச் இருப்பது அவன் லேப்டாப்பில். மேக் விஷயமும் இதே வகைதான். ஆப்பிளின் புதிய பிராசசர்கள் வேறு கட்டளை மொழி பேசுபவை. விர்ச்சுவல்பாக்ஸ் மொழிபெயர்ப்பாளர் அல்ல; கீழே இருக்கும் பிராசசர் எந்த மொழி பேசுகிறதோ, மேலே வைக்கும் இயங்குதளமும் அதே மொழியில் இருக்க வேண்டும்.

இதில் அரைகுறையாக ஓடும் நிலை ஒன்றும் உண்டு. விண்டோஸ் தன்னுடைய ஹைப்பர்-வி வசதியைச் சில பாதுகாப்பு அம்சங்களுக்காகத் தானே இயக்கி வைத்திருந்தால், விர்ச்சுவல்பாக்ஸ் அதன் முதுகில் ஏறித்தான் ஓட வேண்டும். ஓடும், ஆனால் இழுத்துக்கொண்டு ஓடும். கண்டுபிடிப்பது சுலபம். மெஷின் ஜன்னலின் கீழ் ஓரத்தில் பச்சை நிறத்தில் ஒரு சின்ன ஆமை வந்து உட்கார்ந்திருக்கும். "ரொம்ப ஸ்லோவா இருக்குங்க்கா" என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, ஆமை இருக்கிறதா என்பதுதான்.

இரண்டாவது, ஆறாம் எண்ணில் உள்ள `127.0.0.1`-ஐ அழிக்காதீர்கள் என்ற எச்சரிக்கை. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர், வெளியிலிருந்து யாரும் நேரே தொட முடியாத ஒரு தனி நெட்வொர்க்கில் இருக்கிறது. லேப்டாப்பின் 8088 என்ற வாசலில் தட்டினால் உள்ளே இருக்கும் 80-ஆம் வாசலுக்கு விடு என்று ஒரு விதி எழுதியிருக்கிறேன். அந்த விதியில் முகவரிக் கட்டத்தைக் காலியாக விட்டாலும் வேலை செய்யும். அதுதான் ஆபத்து. காலியாக விட்டால் லேப்டாப் சேர்ந்திருக்கும் எந்த வைஃபையிலிருந்தும் அந்த வாசலைத் தட்டலாம் என்று அர்த்தம். டீக்கடை வைஃபையோ, ரயில் நிலைய வைஃபையோ, திருத்தங்கள் நின்றுபோன பழைய உபுண்டு அங்கே எல்லோருக்கும் திறந்து கிடக்கும். `127.0.0.1` என்று எழுதினால் அந்த லேப்டாப்பில் உட்கார்ந்திருப்பவர் மட்டும்தான் தட்ட முடியும். பதிப்பு 1-இல் 8080 என்று வைத்திருந்தேன். அவன் லேப்டாப்பில் அந்த எண்ணில் ஏற்கனவே வேறொரு மென்பொருள் உட்கார்ந்திருந்தது. மூன்று மணிக்கு அவன் பார்த்தது அதன் பக்கத்தை. இந்த விதிகள் விர்ச்சுவல்பாக்ஸிலிருந்து விர்ச்சுவல்பாக்ஸுக்கு மட்டுமே கூடப் போகும். அதே பெட்டியை விஎம்வேரில் திறந்தால் விதிகள் வராது, புதிதாக எழுத வேண்டும்.

மூன்றாவது, ஒன்பதும் பத்தும். "ஓடுகிறது" என்பதற்கு எனக்கு ஒரு பொருள், வாடிக்கையாளருக்கு ஒரு பொருள். முதல் கடிதத்தில் அதைச் சொல்லவே இல்லை. `login:` என்று வந்ததும் பையன் ஓடுகிறது என்றான். அவன் முதலாளி பள்ளியின் பெயர் திரையில் வந்தால்தான் ஒத்துக்கொள்வார். இரண்டு பேரும் தனித்தனியே பார்த்துச் சொல்ல, ஒரு எண்ணும் ஒரு திரையும் கொடுத்தேன். 86 என்று வராமல் 85 வந்தால் எது குறைகிறது என்று பேசலாம். "ஏதோ சரியில்லை" என்பதோடு பேச முடியாது. கடைசிச் சம்பளமும் அந்த இரண்டு வரியில் கட்டப்பட்டிருப்பதால், யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை.

எட்டாம் எண்ணில் சொன்ன விஎஸ் கோட் விஷயம் மெஷினைக் கட்டிய பிறகு தெரிய வந்தது. அந்த வசதி உள்ளே ஒரு சிறு நிரலை இறக்கி ஓட்டும். அதற்கு லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி குறைந்தது 2.28 வேண்டும். உபுண்டு 18.04-இல் இருப்பது 2.27. புள்ளிக்குப் பின் ஒரே ஒரு எண், கதவு திறக்காது. பழைய சூழலைப் பழையபடியே வைத்திருப்பதற்கு இப்படிச் சில்லறைச் சில்லறையாக விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

பெட்டியின் எல்லை

இதையெல்லாம் டாக்கரில் செய்திருக்கலாமே என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்பார்கள். பத்தில் ஏழு வேலைக்கு நானும் அதைத்தான் எடுப்பேன். கோப்பு சிறியது, மாற்றுவது எளிது. இங்கே பள்ளிச் சர்வரில் இரவு இரண்டு மணிக்குத் தானாக ஓடும் பணிகள், அப்பாச்சியின் அமைப்புகள், அச்சுப் பக்கம் செய்யும் பழைய நிரல் எல்லாம் ஒரே மெஷினில் பின்னிக் கிடந்தன. அதைப் பிரித்துப் போடுவதைவிட முழுசாக எடுப்பது சுலபமாக இருந்தது.

ஆனால் பெட்டி என்பது கட்டிய நாளோடு நின்றுபோவது. அடுத்த மாதம் இன்னொரு பையன் சேர்ந்து, இருவரும் தங்கள் மெஷினில் ஆளுக்கொன்றை நிறுவினால், இரண்டும் இரண்டு திசையில் போய்விடும். எது சரியான நகல் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் வெறும் உபுண்டுவிலிருந்து இந்த நிலைக்குக் கொண்டுவரும் கட்டளைகளை வரிசையாக எழுதி, `setup.sh` என்ற பெயரில் நிரலோடு சேர்த்து வைத்தேன். பெட்டி தொலைந்தாலும், கெட்டாலும், அதை ஓட்டிப் புதுப் பெட்டி கட்டலாம். நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டியது அந்த ஐம்பது வரிக் கோப்புதான்.

இரண்டாம் கடிதம் போன மறுநாள் போன் வரவில்லை. மதியம் பதில் வந்தது: 86-ம் வந்தது, பத்தாம் வகுப்பும் வந்தது, பில் அனுப்புங்கள். கீழே பையன் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தான். "அக்கா, பத்து மணிக்கு மார்க் போட்டா, பதிந்த நேரம் காலைல நாலரைன்னு காட்டுதுங்க்கா. நான் அவ்வளவு சீக்கிரம் எந்திரிக்கிற ஆளில்லைங்க்கா."

ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்றதுமே புரிந்துவிட்டது. பள்ளிச் சர்வரில் இந்திய நேரம் வைத்திருக்கிறார்கள். நான் புதிதாக நிறுவிய உபுண்டு, யாரும் சொல்லாததால் உலகப் பொது நேரத்திலேயே இருந்துவிட்டது. பதிந்த நேரத்தைப் போடும் மைஎஸ்க்யூஎல் அதைப் பார்த்து எழுதியிருக்கிறது. இரண்டு மாதமாக நான் பார்த்ததெல்லாம் என் லேப்டாப்பின் மூலையில் இருந்த கடிகாரத்தை. அவனுக்கு இரண்டு வரி அனுப்பினேன்:

```
sudo timedatectl set-timezone Asia/Kolkata
sudo systemctl restart mysql
```

அதே இரண்டு வரியை `setup.sh` கோப்பிலும் சேர்த்தேன். கடிதத்தின் மாதிரியை என் கணினியில் தனியாக வைத்திருக்கிறேன். அதில் பதினொன்றாவது எண் போட்டு, "உள்ளே மணி எத்தனை என்று பார்க்கவும்" என்று எழுதினேன்.